ஒரே புல்லி, பல அளவுகள்: பிரதி எடுக்காமல் ஒரே கோப்பில் செய்வது எப்படி

வன்னியில் லேத் பட்டறைக்கு வரும் வேலைகளில் புல்லி அடிக்கடி வரும். கிணற்று பம்புக்கு, நெல் குத்தும் மில்லுக்கு, மா அரைக்கும் மில்லுக்கு என்று வடிவம் எல்லாம் ஒன்றுதான். விட்டமும் துளையும் மட்டும் மாறும். படம் வரையும் புதியவர் என்ன செய்கிறார் என்றால், 100 மில்லிமீற்றர் புல்லியின் கோப்பைப் பிரதி எடுத்து, 125 என்று பெயர் மாற்றி, உள்ளே அளவுகளையும் மாற்றுகிறார். கொஞ்ச நாளில் `pulley_125_new_final` என்ற பெயரில் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். கீவே ஆழத்தில் ஒரு திருத்தம் வந்தால், எந்தக் கோப்பில் திருத்தியாயிற்று, எதில் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது.

இதற்குப் பதிலாக ஒரே கோப்பில் ஒரு அட்டவணையை வைத்து எல்லா அளவுகளையும் எடுக்கலாம். சொலிட்வேர்க்ஸில் இதற்குப் பெயர் Configurations, கிரியோவில் Family Table. சொலிட்வேர்க்ஸில் ‘ஏ’ ரக வி-பெல்டுக்கான ஒற்றைக் காடிப் புல்லியை முழுதாகச் செய்து காட்டுகிறேன். கிரியோவில் எது வேறுபடும் என்பது கடைசியில்.

## 1. கணினியைத் திறக்கும் முன்

முதலில் தாளில் ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு வரிசை, ஒரு புல்லி. இது முடியாமல் மவுஸைத் தொடவேண்டாம். எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்பது தாளில்தான் தெளிவாகத் தெரியும். கணினியில் அது வரைபடத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

நமக்கு வேண்டிய அளவுகள் ஐந்து: 80, 100, 125, 160, 200. இவை வெளிவிட்டம் அல்ல. பெல்டின் கணக்கு விட்டம், அதாவது வேகத்தைக் கணக்கிடும் விட்டம். ‘ஏ’ ரகத்தில் வெளிவிளிம்பு இந்த விட்டத்தைக் குறிக்கும் கணக்குக் கோட்டுக்கு மேலே பக்கத்துக்கு 2.75 மில்லிமீற்றர் இருக்கும். எனவே 100 புல்லியின் வெளிவிட்டம் 105.5. வாடிக்கையாளர் பழைய புல்லியைக் கொண்டுவந்து வேர்னியரில் 105 என்று அளந்து சொல்வார். அதை அப்படியே கணக்கு விட்டமாக எழுதினால் மில்லின் வேகம் மாறிப்போகும்.

மற்றத் தரவுகளும் கையில் இருக்கட்டும். கணக்குக் கோட்டில் காடியின் அகலம் 11. காடியின் கோணம், கணக்கு விட்டம் 118 வரை 34 பாகை, அதற்கு மேல் 38 பாகை. சின்னப் புல்லியில் பெல்ட் இறுக வளையும்போது அதன் அடிப்பக்கம் பிதுங்கிப் பக்கச் சுவரின் கோணம் குறைகிறது. அதற்கு ஈடுகொடுக்கத்தான் காடியின் கோணத்தையும் குறைக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே கோணத்தைக் கொடுத்தால் ஒரு அளவில் இல்லாவிட்டால் இன்னொன்றில் பெல்ட் சுவரில் முழுதாகப் பதியாது.

எக்செல் அந்தக் கணினியில் நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், அளவை வலது கிளிக் செய்து `Configure Dimension` மூலம் ஒரு சின்ன அட்டவணையில் வேலை பார்க்கலாம். ஆனால் அதில் எக்செல் சூத்திரம் எழுத முடியாது, இந்த வேலைக்கு அது பெரிய இழப்பு.

## 2. அளவுகளை மூன்றாகப் பிரியுங்கள்

தாளில் உள்ள ஒவ்வொரு அளவின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: நாமே மாற்றுவது, வேறொன்றைத் தொடர்ந்து மாறுவது, ஒருபோதும் மாறாதது.

நாமே மாற்றுவது இரண்டே இரண்டுதான்: கணக்கு விட்டமும் துளையும். தண்டு வேறு, வேகம் வேறு என்பதால் இவை ஒன்றையொன்று சாராது.

தொடர்ந்து மாறுபவை நிறைய. காடியின் கோணம் விட்டத்தைத் தொடரும். கீவேயின் அகலமும் ஆழமும் துளையைத் தொடரும்: 17க்கு மேல் 22 வரையான துளைக்கு 6 அகலக் கீ, 22க்கு மேல் 30 வரை 8 அகலக் கீ. துளையைச் சுற்றியுள்ள நடுக்குடத்தின் விட்டத்தைத் துளையின் இரு மடங்கு என்று வைத்துக்கொண்டேன். இது தரநிலை எதுவும் இல்லை, வார்ப்பிரும்புக்கு எனக்குப் போதுமானதாக இருந்த வழக்கம்.

மாறாதவை: காடியின் அகலம் 11, விளிம்பின் 2.75, கணக்குக் கோட்டுக்குக் கீழே காடியின் ஆழம் 9.25, புல்லியின் அகலம் 20. இவற்றை அட்டவணையில் போடவே கூடாது. புதியவர்கள் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லா அளவுகளையும் அட்டவணைக்குள் இழுத்துவிடுவார்கள். பத்து வரிசையில் 20 என்று எழுதியிருந்தால், ஒரு நாள் யாரோ ஒன்றை 2 என்று தட்டிவிடுவார்கள்.

## 3. குறுக்குவெட்டை வரையுங்கள்

ஒரே ஸ்கெட்சில் புல்லியின் பாதிக் குறுக்குவெட்டை வரைந்து, நடு அச்சைச் சுற்றிச் சுழற்றுவதுதான் வழி. ஸ்கெட்சுக்கு `Profile` என்று பெயர் வையுங்கள்.

முதலில் கணக்குக் கோட்டைப் போடுங்கள், வெளிவிளிம்பை அல்ல. 11 நீளத்தில் ஒரு கட்டுமானக் கோடு; அதன் இரு முனைகளும் காடியின் இரு சுவர்களிலும் பட வேண்டும். அந்தக் கோட்டுக்கும் அச்சுக்கும் இடையில் கணக்கு விட்டத்தைக் கொடுங்கள். அதற்கு மேலே 2.75இல் வெளிவிளிம்பு, கீழே 9.25இல் காடியின் அடி. இப்படி வரைந்தால் வெளிவிட்டம் அட்டவணையில் இல்லாமலே சரியாக வரும். வெளிவிட்டத்திலிருந்து தொடங்கினால், கோணம் மாறும்போதெல்லாம் கணக்குக் கோட்டில் உள்ள 11 நழுவும்.

அளவு கொடுக்கும்போது கர்சரை அச்சுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோய் வையுங்கள். அப்போதுதான் சொலிட்வேர்க்ஸ் அதை விட்டமாக எடுக்கும், இல்லாவிட்டால் ஆரமாக எடுக்கும். அட்டவணையில் 100 என்று எழுதிவிட்டு 200 விட்டத்தில் புல்லி வந்து நின்றால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பெரிய புல்லிகளில் எடையைக் குறைக்க இரு பக்கமும் ஒரு பள்ளம் வெட்டுவோம். அதற்குத் தனி ஸ்கெட்ச், அதே தளத்தில். பள்ளத்தின் உள் எல்லை நடுக்குடம், வெளி எல்லை காடியின் அடியிலிருந்து 8 உள்ளே. இந்த 8ஐப் பொருளின் விளிம்பிலிருந்து அளக்காமல் `Profile` ஸ்கெட்சின் கோட்டிலிருந்து அளவிடுங்கள். விளிம்புகள் ஒரு அளவில் இருக்கும், இன்னொரு அளவில் காணாமற்போகும். ஸ்கெட்ச் கோடு எப்போதும் இருக்கும். இதே காரணத்துக்காகத்தான் துளைகளையும் கீவேயையும் அடிப்படைத் தளங்களில் வரையச் சொல்வது.

கீவேயின் ஆழத்தைத் துளையின் எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து கீவேயின் மேல்தளம் வரை கொடுங்கள். 20 துளைக்கு அது 22.8, 25க்கு 28.3, 30க்கு 33.3. பட்டறையில் வேர்னியரை உள்ளே விட்டு அளப்பதும் அப்படித்தான்.

## 4. பெயர் வைக்காமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்

`D1@Sketch3` என்றால் என்ன என்று இரண்டு கிழமை கழித்து உங்களுக்கே தெரியாது. அளவைக் கிளிக் செய்து இடப்பக்கப் பலகத்தில் பெயரை மாற்றுங்கள். நான் வைத்த பெயர்கள்: கணக்கு விட்டம் `DD`, கோணம் `ANG`, துளை `BORE`, கீவே அகலம் `KW`, ஆழம் `KT`, நடுக்குடம் `HUB`, பெரிய புல்லிகளில் எடையைக் குறைக்கப் போடும் எடைத்துளையின் விட்டம் `HD`. கீவேயின் ஸ்கெட்ச் `KeySketch`, பள்ளம் `Recess`, அதன் மறுபக்கப் பிரதி `RecessMirror`, எடைத்துளை `Holes`, அதன் சுற்று அடுக்கு `HolesPattern`.

அட்டவணை இந்தப் பெயர்களைக் கொண்டுதான் அளவைத் தேடும். தலைப்பில் ஒரு எழுத்துப் பிழைத்தால் அந்த நிரல் வேலை செய்யாது. எச்சரிக்கை வரும்தான், ஆனால் அவசரத்தில் அதை OK அமுக்கிவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

## 5. கடைசி அளவுகளைக் கையால் சோதியுங்கள்

அட்டவணை போடுவதற்கு முன், `DD`ஐ 80 ஆக்கிப் பாருங்கள், பிறகு 200 ஆக்கிப் பாருங்கள். இரண்டிலும் உடையாவிட்டால் நடுவில் உள்ளவையும் பெரும்பாலும் தாங்கும். அட்டவணை போட்ட பிறகு உடைந்தால், தவறு வரைபடத்திலா அட்டவணையிலா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் புல்லியில் 80தான் மோசமான அளவு. காடியின் அடி விட்டம் 61.5. அதில் இரு பக்கமும் 8 கழித்தால் 45.5. நடுக்குடம் 40. ஆக, பள்ளத்துக்கு மிஞ்சுவது 2.75 அகலம், அதை எந்த லேத்காரரும் வெட்டமாட்டார். எனவே 80க்கும் 100க்கும் பள்ளம் தேவையில்லை என்று இங்கேயே முடிவெடுக்கிறோம்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அதே 80க்கு யாராவது 25 துளை கேட்டால் நடுக்குடம் 50 ஆகும், வெளி எல்லை 45.5இலேயே நிற்கும். இரண்டு எல்லைகளும் இடம் மாறிவிட்டன. ஆனால் மென்பொருளுக்கு அது இரண்டு கோடுகளுக்கு இடையில் உள்ள இடம், அவ்வளவுதான். பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தப்பான இடத்தில் ஒரு வளையத்தை வெட்டிவிடும். சிவப்புக் குறி வரவில்லை என்பதால் சரி என்று நினைக்கக்கூடாது. குறுக்குவெட்டுக் காட்சியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

## 6. அட்டவணையைப் போடுங்கள்

`Insert > Tables` இல் `Excel Design Table` இருக்கும். பழைய பதிப்புகளில் வெறும் `Design Table`. `Blank` என்று தெரிவு செய்யுங்கள். `Auto-create` தெரிவு செய்தால் வேண்டாத அளவுகளும் சேர்ந்துவிடலாம், பிறகு அவற்றை அகற்றுவதே தனி வேலை.

இரண்டாம் வரிசையில் `B2` முதல் தலைப்புகள், `A3` முதல் கீழே புல்லிகளின் பெயர்கள். பெயரில் `/` அல்லது `@` வரக்கூடாது. பெயரில் விட்டத்தையும் துளையையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் `A100` என்று வைத்தால், நாளை 25 துளையோடு இன்னொரு 100 வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் சில நிரல்கள் இப்படி இருக்கும்:

```
         DD@Profile  ANG@Profile  BORE@Profile  KW@KeySketch  KT@KeySketch
A080-20      80          34            20             6            22.8
A100-20     100          34            20             6            22.8
A125-25     125          38            25             8            28.3
A160-25     160          38            25             8            28.3
A200-30     200          38            30             8            33.3
```

இதில் நீங்கள் கையால் தட்டவேண்டியது `DD`, `BORE` ஆகிய இரண்டு நிரல்கள்தான். மற்றவை சூத்திரம். மூன்றாம் வரிசைக்கு:

```
C3:  =IF(B3>118,38,34)
E3:  =IF(D3>22,8,6)
F3:  =D3+IF(D3>22,3.3,2.8)
G3:  =2*D3
```

`G` நடுக்குடத்தின் நிரல். கீவேயின் சூத்திரம் 17க்கு மேல் 30 வரையான துளைக்கு மட்டுமே பொருந்தும். 35 தண்டு வந்தால் கீயின் அகலம் 10 ஆகிவிடும், அப்போது சூத்திரத்தை நீட்ட வேண்டும். இந்த எல்லையை அட்டவணையிலேயே `$USER_NOTES` என்ற தலைப்பில் ஒரு நிரலாக எழுதிவையுங்கள். மென்பொருள் அதைப் படிக்காது, அடுத்து வருகிறவர் படிப்பார்.

சொலிட்வேர்க்ஸுக்குள் `Equations` மூலமும் இதே கணக்கைப் போடலாம். ஆனால் ஒரே அளவை இரண்டு இடத்திலிருந்தும் ஆட்டாதீர்கள். சூத்திரம் அட்டவணையில் இருந்தால் அங்கே மட்டும்.

அட்டவணைக்கு வெளியே கிளிக் செய்தால், எந்தெந்தப் புல்லிகள் உருவாகின என்று ஒரு பட்டியல் வரும். ஐந்து பெயர்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு வெற்று வரிசை விட்டிருந்தால் அதற்குக் கீழே உள்ளவை வந்திருக்காது.

பிறகு ஒவ்வொன்றையும் இரட்டைக் கிளிக் செய்து திறந்து, அட்டவணையில் இல்லாத ஒரு அளவை அளந்து பாருங்கள். நான் காடியின் மேல்வாய் அகலத்தை அளப்பேன். 34 பாகைக்கு 12.68, 38 பாகைக்கு 12.89 வர வேண்டும். வந்தால் கோணம், 11, 2.75 மூன்றும் ஒன்றாகச் சரி. விட்டத்தை அளந்து பார்ப்பதில் பயனில்லை, அது நீங்கள் எழுதியதுதானே.

## 7. சில அளவுகளில் மட்டும் இருக்கும் பகுதிகள்

பள்ளம் 125 முதல், எடைத்துளை 160 முதல். இதற்கு `$STATE@Recess` போன்ற தலைப்புகள். கீழே `S` என்றால் மறைக்கப்பட்டது, `U` என்றால் உள்ளது.

```
$STATE@Recess        =IF(B3>=125,"U","S")
$STATE@RecessMirror  =IF(B3>=125,"U","S")
$STATE@Holes         =IF(B3>=160,"U","S")
$STATE@HolesPattern  =IF(B3>=160,"U","S")
```

`RecessMirror`க்குத் தனி நிரல் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். பள்ளத்தை மறைத்தால் அதைச் சார்ந்த பிரதியும் தானே மறையும். ஆனால் பள்ளத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது பிரதி தானே திரும்பி வராது. விளைவு, ஒரு பக்கம் மட்டும் பள்ளம் உள்ள புல்லி. திரையில் முன்பக்கம் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். திருப்பிப் பார்த்தால் மட்டுமே பிடிபடும். எனவே சார்ந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல்.

எடைத்துளை மறைந்திருக்கும் வரிசையிலும் `HD`யை வெற்றாக விடாதீர்கள், பொருந்தக்கூடிய ஒரு எண்ணைப் போடுங்கள். 160க்கு 22, 200க்கு 35 என்று வைத்தேன். இரு பக்கமும் 8 மில்லிமீற்றர் அளவில் உலோகம் மிஞ்சும். சின்னப் புல்லிகளுக்கும் 22 என்றே இருக்கட்டும்.

## 8. திருத்தும்போது எந்தப் புல்லியைத் திருத்துகிறீர்கள்?

அதிகம் பேர் தடுக்குவது இங்கேதான். அட்டவணையில் இல்லாத ஒரு அளவை, உதாரணமாக 20 அகலத்தை, இரட்டைக் கிளிக் செய்து 22 ஆக்குகிறீர்கள். அந்தச் சின்னப் பெட்டியில் `This Configuration`, `All Configurations`, `Specify Configurations` என்று ஒரு தெரிவு இருக்கும். அதைப் பார்க்காமல் Enter தட்டினால், திறந்திருக்கும் புல்லி மட்டும் 22 ஆகி மற்ற நான்கும் 20இலேயே நிற்கலாம். அறுவடை நேரத்தில் மில்காரர் இரண்டு புல்லியை ஒன்றாகக் கேட்டு, இரண்டும் வேறு அகலத்தில் போய்ச் சேர்வது இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. அடுத்த முறை அட்டவணையைத் திறந்தால், நீங்கள் போடாத ஒரு நிரல் வலக்கோடியில் முளைத்திருக்கும். புதிதாக ஒரு நிரலைக் கண்டால் அழிக்க அவசரப்படாதீர்கள். எந்த வரிசையில் எண் வேறுபடுகிறது என்று முதலில் பாருங்கள்.

வேலை ஒரு நிலைக்கு வந்ததும் அட்டவணையின் பண்புகளில் `Block model edits that would update the design table` என்பதைத் தெரிவு செய்துவிடுங்கள். அதன் பிறகு அட்டவணையில் உள்ள அளவுகளை அட்டவணை வழியாக மட்டுமே மாற்ற முடியும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இருக்கும் பட்டறையில் இது கட்டாயம்.

புதிய பகுதி ஒன்றைச் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். Configuration பண்புகளில் `Suppress features` என்ற தெரிவு இயக்கத்தில் இருந்தால், நீங்கள் சேர்த்தது மற்றப் புல்லிகளில் மறைந்தே இருக்கும். சேர்த்தவுடன் சின்னதையும் பெரியதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

## 9. பட்டறைக்குப் போகும் தாள்

எல்லா அளவையும் ஒரே தாளில் எழுத்துக்குறியோடு அட்டவணையாகப் போடும் வசதி உண்டு. பார்க்க அழகாக இருக்கும். நான் அதை லேத்துக்கு அனுப்புவதில்லை. எண்ணெய்க் கையோடு ஒருவர் வரிசையைத் தடவிப் படிக்கும்போது பக்கத்து வரிசைக்குப் போவது மிகச் சுலபம். ஒரு அளவுக்கு ஒரு தாள் என்பதே என் முடிவு.

ஒரே வரைபடக் கோப்பில் ஐந்து தாள்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் காட்சியைத் தெரிவு செய்து அதற்கான configuration பெயரைக் கொடுங்கள். எல்லாக் காட்சிகளுக்கும் கொடுக்க வேண்டும். முன்காட்சி 160ஆகவும் வெட்டுக்காட்சி 125ஆகவும் இருக்கும் தாள் அச்சாகி வந்தால் பட்டறையில் வேலை நின்றுவிடும்.

பாகப் பட்டியலில் ஐந்தும் ஒரே பெயரில் வராமலிருக்க, அட்டவணையில் `$PARTNUMBER` நிரல் சேர்த்துக் கீழே `$C` என்று போடுங்கள். அப்போது கோப்பின் பெயருக்குப் பதில் `A160-25` என்று வரும். வேறு பட்டறைக்கு ஸ்டெப் கோப்பாக அனுப்புவதென்றால், அந்த நேரத்தில் எது திறந்திருக்கிறதோ அதுதான் போகும். கோப்பின் பெயரிலும் அளவை எழுதி அனுப்புங்கள்.

## 10. கிரியோவில் என்றால்

யோசனையும் தாள் வேலையும் அப்படியே. `Family Table` பொத்தானை அழுத்தினால் முதல் வரிசையில் மூலப் பாகம் இருக்கும். கீழே சேர்ப்பவை அதன் பிள்ளைகள். அளவு நிரலில் `*` என்று இருந்தால் மூலத்தின் மதிப்பை எடுத்துக்கொள்ளும். பகுதிகளுக்கு `Y` அல்லது `N`. ஒவ்வொரு புல்லியையும் அதன் பெயராலேயே திறக்கலாம் என்பதால், அந்தப் பெயர் உங்கள் வேறு கோப்பு எதற்கும் இருக்கக்கூடாது.

`*`ஐப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூலத்தில் கீவேயை மாற்றினால் `*` உள்ள எல்லாப் புல்லிகளும் கூடவே மாறும். அது வேண்டியிருக்கும் இடத்தில் மட்டும் `*` வையுங்கள். விட்டத்துக்கும் துளைக்கும் எண்ணையே எழுதுங்கள்.

கிரியோவில் `Verify` என்ற பொத்தான் ஒவ்வொரு வரிசையையும் கட்டிப் பார்த்து, எது தோற்றது என்று சொல்லும். புதிய வரிசை சேர்த்ததும் ஓட்டுங்கள். ஆனால் ஐந்தாம் படியில் சொன்ன இடம் மாறிய பள்ளம் போன்றது அதிலும் தேறிவிடும், ஏனென்றால் வடிவம் உருவாகிவிட்டதே.

## 11. எப்போது இன்னொரு கோப்பு?

‘பி’ ரகப் பெல்ட் புல்லியையும் இதே கோப்பில் போடலாமா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் செய்யவேண்டாம். அதில் காடி அகலம் 14, விளிம்பு 3.5, கோணம் மாறும் எல்லை 190. இதுவரை மாறாதவை என்று விட்ட எல்லாம் அட்டவணைக்குள் வந்துவிடும், கோணச் சூத்திரத்துக்குள் இன்னொரு நிபந்தனை ஏறும். ‘ஏ’க்கு ஒரு கோப்பு, ‘பி’க்கு ஒரு கோப்பு. இந்த ஒரு தடவை மட்டும் பிரதி எடுத்துத் தொடங்கலாம். மாறாத அளவுகளையும் கோணச் சூத்திரத்தின் 118ஐயும் மாற்றி, வரிசைகளை அழித்துப் புதிதாக எழுதுங்கள்.

அதே அளவுகோலை மற்றப் பாகங்களுக்கும் வைக்கலாம். அட்டவணையில் எண்ணுள்ள நிரல்களைவிட `S`, `U` உள்ள நிரல்கள் அதிகமாகிவிட்டால், நீங்கள் வைத்திருப்பது ஒரு பாகத்தின் பல அளவுகள் அல்ல, ஒரே கோப்புக்குள் அடைத்த பல பாகங்கள். அவற்றைப் பிரித்து வையுங்கள்.